பொன்னாடைக்கு முன் ஒன்றரை நிமிடம்

பயிற்சி வகுப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு என்று சுற்றறிக்கையில் இருக்கும். பேச வந்தவர் முதல் வாக்கியத்தைச் சொல்லும்போது மணி இரண்டே முக்கால் ஆகியிருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பது தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக ‘அவர்களே’ போட்டு விளிப்பது, பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுக்க ஒரு நிமிடம் நிற்பது. இவற்றுக்கு நடுவே எங்கோ ஓர் இடத்தில் சிறப்பு விருந்தினர் அறிமுகமும் வரும். குரல்வளம் உள்ள செவிலியர் ஒருவர் கையில் இரண்டு பக்கத் தாள் இருக்கும். பட்டங்கள், பொறுப்புகள், விருதுகள், வெளிநாட்டுப் பயணங்கள் என்று அவர் வாசித்து முடிக்கும்போது கைதட்டல் கேட்கும். வந்தவர் பெரியவர் என்பது அவையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர் பேச்சைக் கேட்டு நாளைக் காலை வார்டில் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இலங்கையில் இதே நிகழ்ச்சி வேறு மாதிரி நடக்கிறது. அங்கேயும் மங்கல விளக்கு உண்டு, வரவேற்புரை உண்டு, பேச்சு தாமதமாகத் தொடங்குவதும் உண்டு. ஆனால் வந்தவரை அவைக்குச் சொல்லும் விதத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. இரண்டு கரையிலிருந்தும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது, இரண்டிலும் ஒன்று விடுபட்டும் இருக்கிறது. அதைப் பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் நிற்காது. பள்ளிகொண்டாவை வைத்தே பேசலாம்.

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ஆம்பூருக்கு முன்னால் பாலாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிகொண்டா. வெளியூர்க்காரர்களுக்குச் சுங்கச்சாவடியும் உத்திர ரங்கநாதர் கோயிலும் தெரியும். சுற்றிலும் தென்னை, கரும்பு, நெல். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத் தோல் தொழிற்சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் விடியுமுன்பே கம்பெனி பஸ் பிடிக்கும் பெண்கள். இருட்டில் வரப்பில் நடப்பவர்கள், வெயில் காலத்தில் திண்ணையிலும் தரையிலும் படுப்பவர்கள் இருக்கும் ஊர். காய்ந்த புதர்க்காடும் மலையடிவாரமும் பக்கத்திலேயே. இப்படிப்பட்ட ஊரில் உள்ள மருத்துவமனைக்குப் பாம்புக்கடி புதிதல்ல. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி., அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்குமுன் முதல் ஒரு மணி நேரம் உள்ளூர் செவிலியர் கையில்.

இந்த ஊர் மருத்துவமனை ஒன்றுக்குப் பாம்புக்கடி பற்றிப் பேச இலங்கையிலிருந்து ஒரு வைத்திய நிபுணர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை, ஆனால் காரணம் இல்லாத கற்பனை அல்ல. பாம்புக்கடி மருத்துவத்தில் இலங்கை ஆராய்ச்சிக்கு உலக அளவில் மதிப்பு உண்டு. ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் கடிபடுவதாகவும் 400 பேர் அளவில் இறப்பதாகவும் அங்கே நாடு தழுவிய வீட்டுக் கணக்கெடுப்பு எடுத்துச் சொன்னார்கள். அவ்வளவு சின்ன நாட்டில் அவ்வளவு கடி என்றால், அங்குள்ள பொது வைத்திய நிபுணருக்கு இதில் கை பழகியிருக்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. அப்படியானால் அவர் பேச்சு நமக்குத் தேவைதான். கேள்வி என்னவென்றால், அவரை நாம் எப்படி அறிமுகம் செய்யப்போகிறோம்?

முதலில் அவரிடமிருந்து வரும் தாளைப் பாருங்கள். இலங்கை மருத்துவர்களின் வாழ்க்கைக் குறிப்பு ஒழுங்காக இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ எம்.பி.பி.எஸ்., பிறகு கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் எம்.டி., அதன்பின் வெளிநாட்டில் பயிற்சி, திரும்பி வந்து சபை அங்கீகாரம், எந்த ஆண்டு எந்த வைத்தியசாலையில் நியமனம், இப்போது எங்கே. இவ்வளவும் கால வரிசையில் இருக்கும். அங்கே அறிமுகமும் இதே வரிசையில்தான் நடக்கும். இதற்கு ஒரு பின்னணி உண்டு என்று நினைக்கிறேன். இலங்கை மருத்துவச் சங்கம் 1887 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தின் கிளையாகத் தொடங்கியது. அந்த மரபில் நினைவுப் பேருரைகளுக்குப் பெரிய இடம். பேருரைக்குமுன் பேச்சாளரைப் பற்றிய தகைமைக் குறிப்பைத் தனியாக எழுதி, அவரை நன்கு அறிந்த ஒருவர் எழுந்து வாசிப்பார். அந்தப் பழக்கம்தான் வார்டுப் பயிற்சி வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. யார் அறிமுகம் செய்கிறார் என்பதைக் கவனித்தால் தெரியும். பெரும்பாலும் அந்தத் துறையிலேயே வேலை செய்யும் உள்ளூர் வைத்திய நிபுணரோ, மூத்த தாதிய உத்தியோகத்தரோதான் எழுந்திருப்பார். பெயர் தவறாது, பதவி தவறாது. சிரேஷ்ட விரிவுரையாளரைப் பேராசிரியர் என்று சொல்லிப் புகழ மாட்டார்கள். சொன்னால் வந்தவரே எழுந்து திருத்துவார். நம் பக்கம் இது தலைகீழ். இணைப் பேராசிரியரைப் பேராசிரியர் என்போம், பேராசிரியரை உலகப் புகழ்பெற்றவர் என்போம். வந்தவர் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவையில் உள்ள இளம் மருத்துவர்கள் கைபேசியில் தேடிப் பார்த்து, சொன்னதில் பாதி மிகை என்று கண்டுகொண்டால், பேச்சில் வரும் உண்மையான தகவலையும் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இலங்கை முறையை அப்படியே பள்ளிகொண்டாவுக்கு எடுத்து வந்தால் வேலைக்காகாது. தகுதிகள் கடலைத் தாண்டும்போது அர்த்தத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வருகின்றன. பட்டப்பின் மருத்துவ நிறுவனம் என்றால் யாழ்ப்பாணத்துத் தாதிக்கு அது என்ன என்று தெரியும். சபை அங்கீகாரம் பெறாதவரை அங்கே வைத்திய நிபுணர் என்று அழைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். பள்ளிகொண்டாச் செவிலியருக்கு அது எழுத்துக் கூட்டம்தான். நம் ஊர் டி.என்.பி., டி.எம். என்ற எழுத்துகள் மட்டக்களப்பில் அதே கதிக்கு ஆளாகும். ஆகவே கடல் கடந்து வரும் விருந்தினருக்குப் பட்டத்தைச் சொல்வதைவிட, அந்தப் பட்டத்தால் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்வதுதான் உதவும்.

நம் விருந்தினரின் தாளில் மூன்று பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 ஆய்வுக் கட்டுரைகள். வாசிக்கக் கம்பீரமான எண். ஆனால் அந்தக் கட்டுரைகளில் பாதி, இலங்கையின் ஈரவலயத்தில் அதிகம் கடிக்கும் ஒரு குட்டை விரியனைப் பற்றியவை. மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருக்கும் சின்னப் பாம்பு அது. இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் உண்டு, பாலாற்றுப் படுகையில் கிடையாது. நாம் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து அதற்குக் கேட்கவும் கேட்காது. மாறாக, வேலூர்ப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில் தொல்லை தரும் சுருட்டை விரியன் இலங்கையில் சில வறண்ட கரையோரங்களில் மட்டும்தான் இருக்கிறது. அதன் கடியில் நம் செவிலியருக்கு இருக்கும் அனுபவம் வந்தவருக்கு இருக்காது. ‘பாம்புக்கடியில் உலக வல்லுநர்’ என்று மேடையில் முழங்கினால், கேட்பவர் இந்தப் பாம்புக்கும் அவர் சொல்தான் முடிவு என்று எடுத்துக்கொள்வார். மிகையான அறிமுகத்தின் ஆபத்து இங்கேதான். அது வெறும் நேரவிரயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளிமேல் இறங்கக்கூடிய தவறும் அதற்குள் இருக்கிறது.

அப்படியானால் அவர் நமக்கு எதற்கு? இங்கேதான் அறிமுகம் செய்பவர் கொஞ்சம் உழைக்க வேண்டும். விருந்தினரின் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இதற்கு விடை கிடைக்காது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், இரவு ஷிப்ட் பார்க்கும் செவிலியரிடம் கேட்க வேண்டும். பாம்புக்கடி வந்தால் எங்கே சிக்கல் என்று கேட்டால் அவர் இப்படிச் சொல்லக்கூடும்:

“அந்த இருபது நிமிஷ டெஸ்ட்தான் சார். ஒரு நாளைக்கு ரத்தம் உறையுது, ஒரு நாளைக்கு உறையல. ஒரே நோயாளிக்கே ரெண்டு தடவை பார்த்தா ரெண்டு மாதிரி வருது. டாக்டர் கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல.”

அவர் சொல்வது எல்லாச் சிற்றூர் மருத்துவமனைகளுக்கும் தெரிந்த கண்ணாடிக் குழாய்ச் சோதனையை. கடிபட்டவரின் சிரையிலிருந்து புதிதாக 2 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் குழாயோடு நிற்கும், உறையாவிட்டால் தண்ணீர்போல் ஓடும். ஓடினால் விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்து போடுவதற்கான முக்கியமான அறிகுறிகளில் ஒன்று இது. செலவே இல்லாத சோதனை, ஆனால் கெடுப்பது மிக எளிது. கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோய் பிளாஸ்டிக் குழாயில் விட்டால், நல்ல ரத்தமும் நேரத்துக்கு உறையாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயில் விட்டாலும் அப்படித்தான். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்புதான், அதன்மேல் சோப்புப் படலம் உட்கார்ந்தால் தூண்டுதல் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெடும். எல்லாவற்றையும்விட நேரம். வேலை நெருக்கடியில் பன்னிரண்டாவது நிமிடத்தில் எடுப்பதும் நாற்பதாவது நிமிடத்தில் ஞாபகம் வருவதும் நடக்கிற காரியம்தான்.

இலங்கையில் இதே சோதனையைப் பெரிய மருத்துவமனைகளின் அன்றாட வேலைக்கு நடுவே வைத்து ஆராய்ந்தார்கள். வழக்கமாகச் செய்வதுபோல் செய்தபோது, ரத்தம் கெட்டிருந்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை அது தவறவிட்டது. பின்னர் முறையாகப் பயிற்சி கொடுத்து, சரியான குழாய், சரியான அளவு, சரியான நேரம் என்று பிடித்துச் செய்தபோது அதே சோதனை நன்றாக வேலை செய்தது. சோதனையை மாற்றவில்லை, கையைத்தான் மாற்றினார்கள். நம் விருந்தினர் இந்த வேலையில் ஈடுபட்டவர், அல்லது தன் வார்டில் இதை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் என்றால், பள்ளிகொண்டாவில் அவரை அறிமுகம் செய்ய வேறு தகுதியே வேண்டாம். நாற்பது கட்டுரையில் முப்பத்தொன்பதை விட்டுவிடலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு, கேட்டால் அவையே நிமிர்ந்து உட்காரும். இலங்கையில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாரானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் எதிராகச் செய்தது. அதற்கான விஷம் பெரும்பாலும் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978 இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போனது. செங்கல்பட்டு வயலில் பிடித்த பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்தை அநுராதபுரத்து வார்டில் ஏற்றியிருக்கிறார்கள். அதே மருந்துதான் பள்ளிகொண்டாக் குளிர்ப்பெட்டியிலும் இருக்கிறது. அந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்து நோயாளி நடுங்குவதும் ரத்த அழுத்தம் இறங்குவதும் இரண்டு இடத்துச் செவிலியரும் கண்ணால் பார்த்தவை. இலங்கையில் 1,007 நோயாளிகளை வைத்து நடத்தி 2011 இல் வெளியான ஆய்வில், மருந்து ஏற்றுவதற்குச் சற்றுமுன் குறைந்த அளவு அட்ரினலின் தோலுக்கடியில் போட்டால் கடுமையான ஒவ்வாமை குறைகிறது என்று கண்டார்கள். வழக்கமாக முன்கூட்டிப் போடும் ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் பயன் தரவில்லை என்றும் கண்டார்கள். நம் பக்கம் முன்னெச்சரிக்கை என்று கை தானாகப் போகும் ஊசிகளைப் பற்றிய செய்தி இது. இதற்கு மேல் பொருத்தம் என்ன வேண்டும்?

இங்கே ஒரு எல்லைக்கோட்டை அறிமுகத்திலேயே போட்டுவிட வேண்டும். வந்தவர் சொல்வது அறிவு, நம் மருத்துவமனையின் சிகிச்சை நெறிமுறை வேறு. எந்த மருந்து, எத்தனை குப்பி, முன்கூட்டி எதைப் போடுவது என்பதை நெறிமுறையும் பணியில் இருக்கும் மருத்துவரும்தான் முடிவு செய்வார்கள். விருந்தினரின் பேச்சைக் கேட்டு அன்றிரவே யாரும் தானாக அட்ரினலின் போடத் தொடங்கக் கூடாது. அதேபோல் ‘ஐயா வார்டுக்கு வந்து நம் நோயாளிகளையும் பார்த்து ஆலோசனை சொல்வார்’ என்று ஆர்வத்தில் அறிவித்துவிடுவதும் தவறு. வெளிநாட்டு மருத்துவர் இங்கே நோயாளிக்குச் சிகிச்சை செய்யத் தனி அனுமதி வேண்டும். நம் மருத்துவர் இலங்கைக்குப் போனாலும் இதே கதைதான். மேடையில் ஒருவர் வாய் தவறி அறிவித்ததை மறுக்க முடியாமல் விருந்தினர் நெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லையைச் சொல்வது விருந்தினரைக் குறைத்துப் பேசுவதாகுமோ என்று நம்மவர்கள் தயங்குவார்கள். இலங்கையிலும் இந்தத் தயக்கம் உண்டு. அங்கே தகைமைக் குறிப்பில் செய்த வேலை இருக்கும், செய்யாத வேலை இருக்காது. ஆனால் உண்மையான வல்லுநர் இதைக் கேட்டு வருத்தப்படுவதில்லை, நிம்மதி அடைகிறார். சுருட்டை விரியன் பற்றி யாராவது கேள்வி கேட்டால் ‘எனக்கு இதில் அனுபவம் குறைவு, நீங்கள் சொல்லுங்கள்’ என்று அவர் சொல்ல முடிகிறது. அந்த நொடியில் இரவு ஷிப்ட் செவிலியர் வாய் திறக்கிறார். அதற்குப் பிறகு நடப்பதுதான் பயிற்சி.

இனி எழுதிப் பார்ப்போம். நம் பக்கத்து வழக்கமான அறிமுகம் இப்படிப் போகும்: ‘பார் போற்றும் மருத்துவ மேதை, கடல் கடந்து வந்திருக்கும் தமிழ்ச் சொந்தம், பன்னாட்டு இதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை வெளியிட்ட பேரறிஞர், எளிமையின் சிகரம்…’ யாழ்ப்பாண முறையில் எழுதினால் இப்படி வரும்: ‘இன்றைய வளவாளர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பழைய மாணவர், பொது வைத்திய நிபுணராகச் சபை அங்கீகாரம் பெற்றவர், தற்போது போதனா வைத்தியசாலை ஒன்றில் கடமையாற்றுகின்றார்…’ முன்னதில் ஒரு தகவலும் இல்லை. பின்னதில் தகவல் இருக்கிறது, கேட்பவர் இல்லை. மூன்றாவதாக ஒன்று:

‘எல்லாருக்கும் வணக்கம். பாம்பு கடித்து வருகிறவருக்கு நாம் முதலில் செய்வது கண்ணாடிக் குழாய்ச் சோதனை. ஒரே நோயாளிக்கு இரண்டு தடவை செய்தால் இரண்டு முடிவு வருகிறது என்று நம் அவசரப் பிரிவுச் சிஸ்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதே சிக்கல் இலங்கையிலும் இருந்தது. அங்கே அதை வார்டிலேயே சரிசெய்த குழுவில் இருந்தவர் இன்றைக்கு நம்மிடம் வந்திருக்கிறார். பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்து, பல ஆண்டுகளாகப் பாம்புக்கடி நோயாளிகளைப் பார்த்துவருகிறவர். நம் குளிர்ப்பெட்டியில் இருக்கும் அதே விஷமுறிவு மருந்தைத்தான் அவரும் பயன்படுத்துகிறார். இரண்டு விஷயம் சொல்லித் தருவார். ஒன்று, அந்த இருபது நிமிடத்தை எப்படிச் சரியாகப் பிடிப்பது. இரண்டு, மருந்து ஏறும்போது ஒவ்வாமையை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. சுருட்டை விரியன் அவர் ஊரில் அதிகம் இல்லை. அதில் அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இருக்கிறது. மருந்தின் அளவில் நம் நெறிமுறைதான் நமக்கு. குழாய்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன, முதல் பத்து நிமிடத்தில் கையில் எடுப்பீர்கள். டாக்டர், வாருங்கள்.’

நிதானமாகச் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். இதில் தகுதி என்று வருவது மூன்றே: எம்.டி., பல ஆண்டு நோயாளி அனுபவம், சோதனையைச் சரிசெய்த குழு. மூன்றும் பேச்சின் பொருளைத் தாங்கி நிற்பவை. விருதும் வெளிநாட்டுப் பயிற்சியும் பொய்யல்ல, ஆனால் கண்ணாடிக் குழாயைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். மருத்துவக் கவுன்சில் மதிப்பெண்ணுக்காக வரும் மருத்துவர்களுக்கும் கோப்பில் வைக்கும் நிர்வாகத்துக்கும் அந்தத் தாள் தேவை, காதுக்குத் தேவையில்லை.

இந்த ஒன்றரை நிமிடத்தை யார் பேசுவது? இதில் இலங்கைப் பழக்கத்துக்கு என் முழு வாக்கு. துறை தெரிந்தவர்தான் பேச வேண்டும். நம் மருத்துவமனைகளில் அறிமுகத்தைத் தொகுத்து வழங்குபவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவருக்கு ழகரம் சுத்தமாக வரும், ஆனால் குழாயை அவர் பிடித்ததே இல்லை. கேட்டுத் தெரிந்த சிக்கலை அவசரப் பிரிவின் பொறுப்புச் செவிலியரே சொன்னால் நாக்கு கொஞ்சம் தடுமாறினாலும் அவை நம்பும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சிங்களம் பேசும் நிபுணர் வந்து ஆங்கிலத்தில் உரையாற்றும் கூட்டங்களில், உள்ளூர் வைத்தியர் தமிழில் நாலு வரி முன்கூட்டியே சொல்லிவிடுவது உண்டு: இன்றைக்கு எதைக் கவனிக்க வேண்டும், எந்த ஆங்கிலச் சொல் அடிக்கடி வரும் என்று. தேவையால் பிறந்த பழக்கம் அது. சி.எம்.சி. போன்ற இடங்களிலிருந்து ஆங்கிலத்தில் பேச வருபவரை வைத்துக்கொண்டு, தமிழில் பயின்ற செவிலியர்களை விழிக்க விடும் நம் கூட்டங்களுக்கு இது உடனே வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு பலமும் உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உறவு சொல்லி அழைப்பது. வந்தவரை நம்மவராக்கிக்கொள்ளும் அந்தச் சூட்டை இலங்கையின் தகைமைக் குறிப்பில் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அதற்கும் ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடைக்கு மேடை தேய்ந்த சொல்லை எடுக்க வேண்டியதில்லை. வேலூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மருத்துவத்திலேயே ஒரு நிஜமான உறவு இருக்கிறது. ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருந்தகம் வைத்தார். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் 1900 இல் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கி, சி.எம்.சி.யாக வளர வித்திட்டவர். பண்டத்தரிப்புக்குச் சற்றுத் தள்ளி மானிப்பாயில் 1840களின் கடைசியில் சாமுவேல் கிறீன் மருத்துவக் கல்வி தொடங்கி, பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். இலங்கை விருந்தினரிடம் இதைச் சொன்னால் முகம் மலரும். ஆனால் இதையும் அறிமுகத்தில் வைக்க மாட்டேன், நன்றியுரையில் வைப்பேன். பொன்னாடையும் அங்கேதான். பேசி முடித்தவருக்குப் போர்த்தும்போதுதான் எதற்காகப் போர்த்துகிறோம் என்று அவைக்குத் தெரியும்.

அறிமுகம் சரியாக அமைந்ததா என்று கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. விருந்தினரின் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்க்க வேண்டும். ‘இங்கே டாக்டர்கள் எத்தனை பேர், நர்ஸ்கள் எத்தனை பேர், உங்களிடம் ஆய்வகம் இருக்கிறதா’ என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால், அறிமுகம் செய்தவர் அவரை அவைக்குச் சொன்னாரே தவிர அவையை அவருக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம். இரு கரையிலும் நான் காணும் பெரிய ஓட்டை இதுதான். அறிமுகம் என்றால் ஒருவழிப் பாதை என்று இரண்டு நாட்டிலும் நினைக்கிறார்கள். இன்னொரு அடையாளம் கேள்வி நேரம். முதல் கேள்வி வார்டில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்கினால் பொருத்தம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘பாம்புக்கு மகுடி கேட்குமா சார்’ என்று தொடங்கினால் சேரவில்லை.

பயிற்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விருந்தினருக்கு எழுதும் கடிதத்தில் வாழ்க்கைக் குறிப்பு அனுப்பச் சொல்லிக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நோயாளிப் பெயர்களை நீக்கிவிட்டு, உங்கள் அவசரப் பிரிவுப் பதிவேட்டின் கடந்த மூன்று மாதப் பாம்புக்கடி விவரத்தையும் கூடவே அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த நேரத்தில், எத்தனை பேருக்குச் சோதனை முடிவு மாறி வந்தது, எத்தனை பேரை வேலூருக்கு அனுப்பினீர்கள் என்று ஒரு பக்கம் போதும். நீங்கள் எழுதிய ஒன்றரை நிமிட அறிமுகத்தையும் ஒரு வாரத்துக்கு முன்பே அவருக்கு அனுப்பி, பெயரின் முதலெழுத்துகள் முதல் சொல்லாத எல்லை வரை திருத்தித் தரச் சொல்லுங்கள்.